இரண்டில் எது முதலில் வந்தது? மூர்த்தியின் வரிசையற்ற மதிப்பீட்டு அளவை: நான்கு அலகுத் தொகுதியில் ஓர் ஆய்வு

1. கேள்வி

அளவில் பெரிதும் வேறுபடும் அலகுகளிலிருந்து மாதிரி எடுக்கும்போது எல்லா அலகுகளுக்கும் ஒரே வாய்ப்பைக் கொடுத்தால் கணக்கு கெட்டுவிடும். பத்தாயிரம் பேர் வாழும் ஊருக்கும் இருநூறு பேர் வாழும் ஊருக்கும் ஒன்றுபோலச் சீட்டுப் போட்டால், எந்த ஊர் கையில் அகப்பட்டது என்பதைப் பொறுத்து மொத்தத்தின் மதிப்பீடு தாறுமாறாக ஏறி இறங்கும். ஆகவே அலகின் அளவுக்கு ஏற்ற நிகழ்தகவுடன் எடுக்கிறார்கள். தொகுதியைப் பல படுகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு படுகையிலும் இரண்டே அலகுகளை எடுப்பதும் பரவலான வழக்கம். மதிப்பீட்டின் பிழையையும் அதே மாதிரியிலிருந்து கணிக்க வேண்டுமானால் இரண்டு அலகுகளாவது வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் படுகைகளை நுணுக்கமாகப் பிரிக்க முடியும்.

எடுத்த அலகைத் திரும்ப வைக்காமல் அடுத்ததை எடுத்தால் ஒரு கேள்வி எழுகிறது. மாதிரியில் இருக்கும் இரண்டு அலகுகளில் எது முதலில் வந்தது என்பது மதிப்பீட்டைப் பாதிக்க வேண்டுமா? 1956இல் தேஸ் ராஜ் வெளியிட்ட மதிப்பீட்டு அளவையில் வரிசை மாறினால் விடையும் மாறும். அடுத்த ஆண்டு, கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘சங்க்யா’ இதழில், எம். என். மூர்த்தி அந்த வரிசையை அகற்றும் வழியைக் காட்டினார். வரிசையை அகற்றினால் பரவற்படி ஒருபோதும் அதிகரிக்காது என்பது பாடநூல்களில் உள்ள செய்தி. எவ்வளவு குறைகிறது, எங்கே குறைகிறது, குறையாத இடம் எது என்பவற்றை அந்நூல்கள் விரைவாகக் கடந்துவிடுகின்றன. மாதிரி இரண்டு என்ற எளிய நிலையில் இவை அனைத்துக்கும் துல்லியமான விடை உண்டு. அந்த விடையை ஒரு சிறு தொகுதியில் கணக்கிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. எடுக்கும் முறையும் தேஸ் ராஜின் அளவையும்

தொகுதியில் i என்ற அலகின் அளவு, மொத்த அளவில் p_i என்ற பங்கு என்க. நாம் அறிய விரும்பும் மதிப்பு y_i. அதன் மொத்தம் Y. முதல் எடுப்பில் i வருவதற்கான நிகழ்தகவு p_i. அதை வெளியே வைத்துவிட்டு, மீதமுள்ளவற்றிலிருந்து மறுபடி அளவுக்கு ஏற்ப எடுக்கிறோம். எனவே i முதலிலும் j இரண்டாவதாகவும் வர நிகழ்தகவு

```
P(i, j) = p_i · p_j / (1 − p_i)
```

y_i / p_i என்ற விகிதத்தை r_i என்று குறிப்போம். y அளவுக்கு நேர்விகிதத்தில் இருந்தால் எல்லா r-களும் சமமாகி, அவை ஒவ்வொன்றும் Y ஆகவே இருக்கும். ஹான்சனும் ஹர்விட்சும் 1943இல், திரும்ப வைத்து எடுக்கும் முறைக்கு, இந்த r-களின் சராசரியையே மதிப்பீடாகத் தந்தார்கள். திரும்ப வைக்காதபோது இரண்டாம் எடுப்பின் நிகழ்தகவு முதலில் வந்தது எது என்பதைச் சார்ந்துவிடுகிறது. ஆகவே அந்தச் சராசரி அப்படியே பொருந்தாது.

தேஸ் ராஜ் இதை இரண்டு படிகளாகப் பிரித்தார். முதல் எடுப்பிலிருந்து ஒரு மதிப்பீடு: t1 = r_i. இரண்டாம் எடுப்பிலிருந்து இன்னொன்று: முதலில் வந்த அலகின் y கையில் இருக்கிறது, மீதியின் மொத்தத்தை மட்டும் இரண்டாம் அலகு மதிப்பிட வேண்டும். ஆகவே t2 = y_i + (1 − p_i) r_j. இரண்டும் பிறழ்ச்சியற்றவை, ஒன்றோடொன்று தொடர்பற்றவை. இவற்றின் சராசரியே தேஸ் ராஜின் மதிப்பீடு. இதில் i-க்கும் j-க்கும் வெவ்வேறு இடங்கள் இருப்பதால் வரிசை மாறினால் விடையும் மாறும்.

3. வரிசையை அகற்றுதல்

மாதிரியில் i, j என்ற இரண்டும் இருக்கின்றன என்று மட்டும் தெரிந்தால், i முதலில் வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு? மேற்கண்ட நிகழ்தகவுகளில் p_i · p_j பொதுவானது. ஆகவே இரு வரிசைகளின் வாய்ப்புகளும் 1/(1 − p_i), 1/(1 − p_j) என்ற விகிதத்தில் நிற்கின்றன. i முதலில் வந்திருக்கும் நிகழ்தகவு (1 − p_j)/(2 − p_i − p_j). பெரிய அலகு முதலில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அது உள்ளுணர்வுக்கும் பொருந்துகிறது.

மூர்த்தியின் வழி இதுதான்: இரு வரிசைகளும் தரும் தேஸ் ராஜ் மதிப்பீடுகளை அவற்றின் இந்த நிகழ்தகவுகளால் எடையிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். சுருக்கினால் கிடைப்பது:

```
Y_M = [ (1 − p_j) r_i + (1 − p_i) r_j ] / (2 − p_i − p_j)
```

இதில் r_i-இன் எடையைக் கவனிக்க வேண்டும். ‘இந்த இரண்டும் மாதிரியில் இருக்கையில் i முதலில் வந்தது’ என்பதன் நிகழ்தகவு எதுவோ, அதுவே அந்த எடை. அப்படியானால் t2-ஐத் தொடாமல், t1-ஐ மட்டும் எடுத்து வரிசையை அகற்றியிருந்தாலும் இதே சூத்திரம் வந்திருக்கும். t2-ஐ மட்டும் எடுத்துச் செய்தாலும் அதே முடிவுதான். இரண்டையும் எந்த எடையில் கலந்தாலும், வரிசையை அகற்றியபின் எல்லாம் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. தேஸ் ராஜ் t1, t2 இரண்டுக்கும் சம எடை கொடுத்தது சரிதானா என்ற விவாதம், மாதிரி இரண்டாக இருக்கும்போது, மூர்த்தியின் அளவையில் அர்த்தமற்றுப் போகிறது.

4. நான்கு அலகுகள், ஆறு மாதிரிகள்

சோதனைக்கு, யேட்ஸும் கிரண்டியும் 1953 கட்டுரையில் அமைத்த செயற்கைத் தொகுதிகளைப் பயன்படுத்துகிறேன். நடைமுறையில் காண்பதைவிட வேறுபாடுகளை மிகைப்படுத்தி அமைத்தவை அவை. முறைகளின் குணம் பளிச்சென்று தெரிய அது உதவும். நான்கு அலகுகளை அ, ஆ, இ, ஈ என்று அழைப்போம். p முறையே 0.1, 0.2, 0.3, 0.4. முதல் தொகுதியில் y முறையே 0.5, 1.2, 2.1, 3.2. ஆகவே r-கள் 5, 6, 7, 8; மொத்தம் Y = 7. அளவு கூடக்கூட விகிதமும் கூடும் தொகுதி இது.

வரிசையைக் கருதாவிட்டால் ஆறு மாதிரிகளே சாத்தியம்.

| மாதிரி | நிகழ்தகவு | மூர்த்தியின் மதிப்பீடு |
|---|---|---|
| அ, ஆ | 0.0472 | 5.529 |
| அ, இ | 0.0762 | 6.125 |
| அ, ஈ | 0.1111 | 6.800 |
| ஆ, இ | 0.1607 | 6.533 |
| ஆ, ஈ | 0.2333 | 7.143 |
| இ, ஈ | 0.3714 | 7.538 |

நிகழ்தகவுகளின் கூட்டல் 1. ஒவ்வொரு மதிப்பீட்டையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் சரியாக 7 வருகிறது, பிறழ்ச்சி இல்லை.

பரவற்படிக்கு மூன்று முறைகளையும் ஒரே வடிவில் எழுத முடியும். ஒவ்வொரு இணைக்கும் p_i · p_j · (r_i − r_j)² என்ற பொதுப் பகுதி உண்டு. முறைக்கு முறை மாறுவது அதைப் பெருக்கும் காரணி மட்டுமே. p_i + p_j என்ற இணையின் கூட்டுப் பங்கை s என்று எழுதினால் அந்தக் காரணிகள்:

```
திரும்ப வைத்து எடுத்தால் :  1/2
தேஸ் ராஜ்              :  (2 − s)/4
மூர்த்தி                :  (1 − s)/(2 − s)
```

ஆறு இணைகளுக்கும் கணக்கிட்டுக் கூட்டினால், பரவற்படி முறையே 0.500, 0.365, 0.312. திரும்ப வைக்காமல் எடுப்பதால் ஒரு பெரிய குறைவு. வரிசையை அகற்றுவதால் மேலும் ஒரு குறைவு, தேஸ் ராஜின் பரவற்படியில் சுமார் 14 சதவீதம்.

இந்த 14 சதவீதம் எங்கிருந்து வருகிறது? கடைசி இரு காரணிகளையும் கழித்தால் கிடைப்பது s²/[4(2 − s)]. இது எப்போதும் சுழியைவிடப் பெரியது. ஆகவே எந்த இணையிலும் மூர்த்தி தோற்பதில்லை. லாபத்தின் அளவும் இதிலேயே தெரிகிறது. இ, ஈ என்ற இணையில் s = 0.7, அங்கே தேஸ் ராஜின் பங்களிப்பில் 29 சதவீதம் குறைகிறது. மாறாக, நூறு சம அலகுகள் உள்ள தொகுதியில் s = 0.02, அங்கே குறைவு பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். வரிசையை அகற்றுவதால் வரும் பலன், சில பெரிய அலகுகள் ஆதிக்கம் செலுத்தும் சிறு படுகைகளுக்கே உரியது. நூற்றுக்கணக்கான ஊர்கள் கொண்ட படுகையில் இரண்டு அளவைகளும் கிட்டத்தட்ட ஒரே விடையையே தரும்.

5. ஒரே மாதிரிக்குள் லாபத்தை அளத்தல்

மொத்தப் பரவற்படியில் வந்த இந்தக் குறைவை ஒரே மாதிரிக்குள்ளும் காணலாம். அ, ஈ என்ற மாதிரியை எடுத்துக்கொள்வோம்.

அ முதலில் வந்திருந்தால் t1 = 5; t2 = 0.5 + 0.9 × 8 = 7.7, தேஸ் ராஜின் மதிப்பீடு 6.35. ஈ முதலில் வந்திருந்தால் t1 = 8; t2 = 3.2 + 0.6 × 5 = 6.2, மதிப்பீடு 7.1. ஒரே இரண்டு அலகுகள், ஒரே தரவு, ஆனால் 0.75 வித்தியாசம். இந்த மாதிரி கிடைத்தபின் அ முதலில் வந்திருக்கும் நிகழ்தகவு 0.4; ஈ-க்கு 0.6. எடையிட்டால் 0.4 × 6.35 + 0.6 × 7.1 = 6.8. t1-களை மட்டும் எடுத்தால் 0.4 × 5 + 0.6 × 8 = 6.8. t2-களை மட்டும் எடுத்தால் 0.4 × 7.7 + 0.6 × 6.2 = 6.8. மூன்று வழிகளும் அதே எண்ணில் முடிகின்றன.

இனிப் பிழையைப் பார்ப்போம். தேஸ் ராஜின் முறையில் பரவற்படியின் மதிப்பீடு (t1 − t2)²/4. அ முதலில் என்றால் அது 1.8225; ஈ முதலில் என்றால் 0.81. இரண்டாவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் முதலாவது! இவற்றின் எடையிட்ட சராசரி 1.215. மூர்த்தியின் பரவற்படி மதிப்பீட்டுக்கான சூத்திரம்

```
v = (1 − p_i)(1 − p_j)(1 − p_i − p_j) (r_i − r_j)² / (2 − p_i − p_j)²
```

நம் மாதிரிக்கு இது 0.9 × 0.6 × 0.5 × 9 / 2.25 = 1.08. இரண்டுக்கும் இடையே 0.135. இந்த 0.135 எங்கே போனது? 6.35, 7.1 என்ற இரு மதிப்பீடுகள் 0.4, 0.6 நிகழ்தகவுகளுடன் தமக்குள் கொண்டிருக்கும் பரவற்படி 0.4 × 0.6 × 0.75² = 0.135. வரிசை என்ற தற்செயல் மட்டுமே உண்டாக்கிய ஆட்டம் அது. மூர்த்தியின் அளவை அதைத் துல்லியமாக வெட்டி எறிந்திருக்கிறது. ராவ், பிளாக்வெல் பெயரால் வழங்கும் தேற்றம் பொதுவாகச் சொல்வதை இங்கே மூன்று தசம இடங்களில் எண்ணிக் காட்ட முடிகிறது. v-இன் சூத்திரத்தில் எந்தக் காரணியும் குறை எண்ணாவதில்லை. ஆகவே பரவற்படியின் மதிப்பீடு குறை எண்ணாக வந்துவிடும் சங்கடம் இங்கே இல்லை.

6. கணக்கு எங்கே தவறும்?

இரண்டு பிழைகள் எளிதில் நேரக்கூடியவை. முதலாவது, இரு வரிசைகளின் விடைகளையும் எடையின்றிச் சமமாகச் சராசரி எடுப்பது. அ, ஈ மாதிரிக்கு இது 6.725 தரும், 6.8-க்கு அருகில் என்பதால் கண்ணில் படாது. ஆனால் ஆறு மாதிரிகளுக்கும் எதிர்பார்ப்பு மதிப்பைக் கணக்கிட்டால் 7-க்குப் பதில் 6.973 வருகிறது. வரிசையை நீக்கியாகிவிட்டது, பிறழ்ச்சியின்மையும் கூடவே போய்விட்டது.

இரண்டாவது பிழை இன்னும் கடுமையானது: எடைகளை மாற்றிப் போடுவது. மூர்த்தியின் சூத்திரத்தில் r_i-ஐப் பெருக்குவது (1 − p_j), அதாவது மற்ற அலகின் எண். பழக்கதோஷத்தில் (1 − p_i) என்று எழுதிவிட்டால் அ, ஈ மாதிரிக்கு 6.2 கிடைக்கும், எதிர்பார்ப்பு மதிப்பு 6.806 ஆகச் சரியும். வழக்கமாகச் செய்யும் சரிபார்ப்பு இதைப் பிடிக்காது என்பதுதான் அபாயம். y-இன் இடத்தில் p-ஐயே போட்டு, எல்லா மாதிரிகளும் 1 என்ற விடையைத் தருகின்றனவா என்று பார்ப்பது அந்தச் சரிபார்ப்பு. எடைகளின் கூட்டல் 1 ஆக இருக்கும்வரை, தவறான எடைகளும் இதில் தேறிவிடும். நம்பத்தக்க சோதனை ஒன்றே: நான்கைந்து அலகுகள் கொண்ட தொகுதியை அமைத்து, சாத்தியமான எல்லா மாதிரிகளையும் எழுதி, எதிர்பார்ப்பு மதிப்பைக் கூட்டிப் பார்ப்பது.

இன்னொரு எச்சரிக்கை எடுக்கும் முறையைப் பற்றியது. எடைகள் பிறந்தது p_i · p_j/(1 − p_i) என்ற நிகழ்தகவிலிருந்து. அளவுகளைத் தொடர்ந்து கூட்டி, சம இடைவெளியில் அலகுகளைத் தேர்ந்தெடுக்கும் ஒழுங்குமுறை மாதிரிக்கு அந்த நிகழ்தகவு பொருந்தாது. ஆகவே இந்தச் சூத்திரமும் பொருந்தாது.

7. எதைவிட நல்லது?

வரிசையை அகற்றுவது ஏன் நியாயம் என்பதற்கு டி. பாசு 1958இல் ஆழமான அடித்தளம் தந்தார்: எந்த அலகுகள் வந்தன, அவற்றின் மதிப்புகள் யாவை என்ற வரிசையற்ற தொகுப்பே போதுமானது, வரிசை தொகுதியைப் பற்றி வேறு எதுவும் சொல்வதில்லை. இதிலிருந்து மூர்த்தியின் அளவையே மிகச் சிறந்தது என்று முடிவுகட்டுவது பிழை. போதுமானதாக இருப்பது வேறு, ஒரே ஒரு சிறந்த விடையைத் தருவது வேறு. மொத்தத்துக்கான நேரியல் பிறழ்ச்சியற்ற அளவைகளில் எல்லாத் தொகுதிகளுக்கும் சிறந்தது என ஒன்று இல்லை என்பதைக் கோதம்பே 1955இலேயே காட்டியிருந்தார்.

நம் எண்களே இதற்குச் சாட்சி. ஹோர்விட்ஸ்–தாம்சன் அளவை ஒவ்வொரு y-ஐயும் அந்த அலகு மாதிரியில் இடம்பெறும் நிகழ்தகவால் வகுத்துக் கூட்டுகிறது. அதுவும் வரிசையைப் பார்ப்பதில்லை, அதுவும் பிறழ்ச்சியற்றது. நம் எடுக்கும் முறையில் அந்த நிகழ்தகவுகள் அ முதல் ஈ வரை 0.235, 0.441, 0.608, 0.716. இவை 1 : 2 : 3 : 4 என்ற விகிதத்தில் இல்லை, மிகப் பெரிய அலகான ஈ-க்குக் குறைந்தும் மற்றவற்றுக்குக் கூடியும் நிற்கின்றன. நம் தொகுதியில் அதன் பரவற்படி 0.823. திரும்ப வைத்து எடுக்கும் முறையின் 0.500-ஐவிடவும் மோசம்.

இப்போது யேட்ஸ்–கிரண்டியின் இரண்டாம் தொகுதிக்குப் போவோம்: p அதேதான், y முறையே 0.8, 1.4, 1.8, 2.0. r-கள் தலைகீழாக 8, 7, 6, 5. மூர்த்தியின் பரவற்படி r-களின் வித்தியாசத்தின் வர்க்கத்தை மட்டுமே சார்ந்திருப்பதால் இங்கும் அதே 0.312. ஹோர்விட்ஸ்–தாம்சனின் பரவற்படியோ 0.057 ஆக விழுகிறது. இங்கே y-கள் அந்த நிகழ்தகவுகளோடு ஏறத்தாழ ஒத்துப்போவதே காரணம். ஒரே மாதிரிகள், ஒரே எடுக்கும் முறை. ஒரு தொகுதியில் ஒன்று வெல்கிறது, மற்றதில் இன்னொன்று.

எடுக்கும் முறையையே மாற்ற முடிந்தால் ஒப்பீடு இன்னொரு பக்கம் திரும்பும். 1963இல் புரூவர், இரண்டு அலகு மாதிரிக்கு, இடம்பெறும் நிகழ்தகவு சரியாக 2p ஆகும்படி எடுக்கும் முறையைத் தந்தார். அதோடு ஹோர்விட்ஸ்–தாம்சன் அளவையைச் சேர்த்தால் நம் இரு தொகுதிகளிலும் பரவற்படி 0.282, மூர்த்தியைவிடக் குறைவு. ஆனால் அதற்கு எந்த அலகின் p-உம் பாதியை எட்டக்கூடாது. மூர்த்தியின் முறைக்கு அந்தத் தடை இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் எளிய முறையே அதற்குப் போதும்.

8. முடிவு

மாதிரி இரண்டாக இருக்கும்போது மூர்த்தியின் அளவை செய்வது இன்னது என்று வரையறுத்துச் சொல்ல முடிகிறது: ஒவ்வொரு அலகும் முதலில் வந்திருக்கக்கூடிய நிகழ்தகவையே அதன் விகிதத்துக்கு எடையாகக் கொடுக்கிறது, வரிசை உண்டாக்கும் ஆட்டத்தை மட்டும் நீக்குகிறது, அதனால் வரும் லாபம் இணைக்கு இணை s²/[4(2 − s)] என்ற காரணியால் அளக்கப்படுகிறது. r-களே தமக்குள் வேறுபடுவதால் வரும் பரவற்படியை அதனால் தொட முடியாது. அது அளவு மாறியை எவ்வளவு நன்றாகத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்தது.

ஆகவே, ஒன்றன்பின் ஒன்றாக, திரும்ப வைக்காமல் எடுத்த இரண்டு அலகு மாதிரி கையில் இருந்தால் தேஸ் ராஜின் வரிசைப்பட்ட அளவையைப் பயன்படுத்தக் காரணம் ஏதுமில்லை. கூடுதல் உழைப்பு ஒரு வரிதான். ஹோர்விட்ஸ்–தாம்சனுக்கும் மூர்த்திக்கும் இடையே தேர்வு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: அளவு கூடும்போது y/p ஏறுகிறதா, இறங்குகிறதா? அது முன்கூட்டித் தெரியாத படுகையில், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே பரவற்படியைத் தரும் மூர்த்தியின் அளவையே பாதுகாப்பான தேர்வு.